வியாழக்கிழமை மீட்டிங் நடக்காது: ரத்து செய்வதா, தள்ளிவைப்பதா, எப்படிச் சொல்வது?

2025 தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை வந்தது. அதற்கு முந்தைய இரண்டு வாரம் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் எப்படி இருக்கும் என்பது இங்கே வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். டெலிவரியும் போனஸ் கணக்கும் ஊருக்குப் போகிறவர்களின் லிஸ்ட்டும் ஒரே நேரத்தில் மேசைக்கு வரும். நான் அப்படி ஒரு கம்பெனியில் நிர்வாகப் பிரிவில் இருக்கிறேன். மாதத்தின் இரண்டாவது வியாழன் காலை 10 மணிக்குச் சூப்பர்வைசர்கள் மீட்டிங் நடக்கும். அந்த மாதம் அது அக்டோபர் 9-ஆம் தேதி. முந்தின நாள் சாயங்காலம் ஐந்தே முக்கால் மணிக்கு, பையரோடு பேசி ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் வந்து, சனிக்கிழமை வரவேண்டிய பையர் இன்ஸ்பெக்ஷன் வியாழன் காலைக்கே மாறிவிட்டது என்றார்.

இன்ஸ்பெக்ஷன் என்றால் யாராவது ஒருவர் போய் நின்றால் போதும் என்ற வேலை அல்ல. ஆறாயிரம் டி-ஷர்ட் ஆர்டர் என்றால் வழக்கமான அளவுகோல்படி 200 பீஸை எடுத்துப் பார்ப்பார்கள். எவ்வளவு பழுது வரை ஏற்கலாம் என்ற வரம்பான ஏகியூஎல்லை 2.5 என்று வைத்தால் அதில் 10 பழுது வரை பாஸ், 11 வந்தால் மொத்த லாட்டும் ஃபெயில். பார்க்க வருவதற்கு முன்னால் சரக்கு முழுக்கத் தயாராகி, பெரும்பகுதி பெட்டிக்குள் போயிருக்க வேண்டும். அதனால் புரொடக்ஷன் மேனேஜர், குவாலிட்டி இன்சார்ஜ், அயர்னிங், பேக்கிங் ஆட்கள் யாரும் அந்தக் காலையில் மீட்டிங் அறைக்கு வர முடியாது.

வரவேண்டியவர்கள் மொத்தம் 23 பேர். மெயின் யூனிட்டில் 14 பேர், பல்லடம் பக்கம் உள்ள இரண்டாவது யூனிட்டில் இருந்து ஆறு பேர், நிட்டிங் நைட் ஷிப்டில் மூன்று பேர். நைட் ஷிப்ட் காலை எட்டு மணிக்கு முடியும். மீட்டிங்குக்காக அவர்கள் வீட்டுக்குப் போகாமல் 10 மணி வரை கேண்டீனில் உட்கார்ந்திருப்பார்கள். இந்த மூன்று பேரையும் பல்லடத்து ஆறு பேரையும் மனதில் வைத்துத்தான் மற்ற எல்லாவற்றையும் யோசித்தேன். மெயின் யூனிட்டில் இருப்பவர்களுக்கு மீட்டிங் மாறினால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை.

எனக்கு முன்னால் நான்கு வழி இருந்தது. இந்த மாதம் வேண்டாம் என்று ரத்து செய்யலாம். வேறு நாளுக்குத் தள்ளலாம். வரமுடியாதவர்களை விட்டுவிட்டு மற்றவர்களை வைத்து நடத்தலாம். இல்லையென்றால் மீட்டிங்கே இல்லாமல் எழுதி அனுப்பிவிடலாம். எது சரி என்பது அஜெண்டாவைப் பிரித்துப் பார்க்காமல் தெரியாது. அதனால் அதில் இருந்த மூன்று விஷயங்களையும் ஒரு தாளில் எழுதினேன்.

முதலாவது தீபாவளி லீவு. 17-ஆம் தேதி வெள்ளி ராத்திரியே கிளம்ப விடுவதா, 18 சனி சாயங்காலமா என்று முடிவு செய்ய வேண்டும். மதுரை, தேனி பக்கம் போகிறவர்களுக்குக் கம்பெனி வாடகை பஸ் ஏற்பாடு செய்கிறது. பஸ்காரர் தலைக்கணக்கு 11-ஆம் தேதிக்குள் வேண்டும் என்று சொல்லியிருந்தார். இரண்டாவது, போன மாதம் செக்கிங்கில் அதிகமாகத் திரும்பிய பீஸ்கள். கழுத்து ரிப் ஜாயிண்டில் தையல் விட்டுப்போயிருந்தது. இதில் லைன் சூப்பர்வைசர் ஒன்று சொல்கிறார், செக்கிங் இன்சார்ஜ் வேறு ஒன்று சொல்கிறார். மூன்றாவது, உடைந்த ஊசியை எழுதி வைக்கும் ரிஜிஸ்டரில் ஒரு கட்டம் கூடுதலாக வந்திருக்கிறது, அதை எப்படி நிரப்புவது என்ற தகவல்.

இப்படிப் பிரித்ததும் பாதி முடிவு தானாகவே வந்துவிட்டது. ரத்து செய்தால் அடுத்த மீட்டிங் நவம்பர் 13. தீபாவளியே முடிந்திருக்கும். லீவு விஷயத்தை மேலே இருந்து ஒரு நோட்டீஸாக ஒட்ட வேண்டியதுதான், அதைத் தையல்காரர்களிடம் சொல்லிச் சமாளிக்கிற வேலை சூப்பர்வைசர்கள் தலையில் விழும். அவர்களைக் கேட்காமல் எடுத்த முடிவுக்கு அவர்கள் பதில் சொல்வது நியாயமில்லை. அஜெண்டாவில் தேதி கட்டிய விஷயம் ஒன்று இருந்தாலும் ரத்து என்ற வழியை விட்டுவிடுவேன். தேதி கட்டிய விஷயம் எதுவுமே இல்லாத மாதத்தில் மாத்திரம் ரத்து நல்ல வழி, அப்போது தயங்காமல் ரத்து என்றே சொல்லிவிட வேண்டும்.

வந்தவரை வைத்து நடத்தலாமே என்று அக்கவுண்ட்ஸ் மேடம் சொன்னார். பல்லடத்து ஆட்கள் வீணாக அலைய வேண்டாமே என்பது அவர் எண்ணம். அதை முன்பு ஒரு முறை செய்து பார்த்திருக்கிறோம். தையல் பழுதைப் பற்றிய பேச்சில் குவாலிட்டி இன்சார்ஜ் இல்லாவிட்டால், இல்லாதவர் மேல் எல்லாம் போய் விழுகிறது. அடுத்த நாள் அவர் கேள்விப்பட்டு வந்து கோபப்படுவார், அப்புறம் அதே பேச்சை மறுபடி முதலில் இருந்து பேச வேண்டும். முடிவெடுக்கிற ஆள் இல்லாமல் நடத்துகிற மீட்டிங் இரண்டு முறை நடத்துகிற மீட்டிங்காக ஆகிவிடுகிறது.

எழுதி அனுப்புவது ஊசி ரிஜிஸ்டருக்குச் சரி. அதில் பேசுவதற்கு ஒன்றுமில்லை, ஒரு போட்டோவும் ஒரு நிமிட வாய்ஸ் மெசேஜும் போதும். தையல் பழுதுக்கு அது ஆகாது. குரூப்பில் எழுதினால் நாற்பது பேர் பார்க்கிற இடத்தில் ஒருவரைக் குறை சொன்னதாகிவிடும்.

ஆகத் தள்ளிவைப்பதுதான் வழி. எந்த நாளுக்கு என்பதில்தான் நான் முதலில் தப்பு செய்யப் பார்த்தேன். சனிக்கிழமை 10 மணி என்று எழுதியும் விட்டேன். சனி சம்பள நாள். அன்று அக்கவுண்ட்ஸிலும் லைனிலும் யாருக்கும் கவனம் இருக்காது, தவிர பஸ்காரருக்குக் கணக்குக் கொடுக்கவேண்டிய கெடுவும் அன்றுதான். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு மணி ஜும்மா தொழுகை நேரம், கட்டிங் பக்கம் மூன்று பேர் போவார்கள். இதையெல்லாம் கழித்தபிறகு வெள்ளி சாயங்காலம் மூன்றரை மணி கிடைத்தது. ஊசி விஷயத்தை எழுதி அனுப்பிவிடுவதால் ஒன்றே கால் மணி நேர மீட்டிங் நாற்பது நிமிடத்தில் முடியும் என்று கணக்குப் போட்டேன்.

மூன்றரை மணி நைட் ஷிப்ட் ஆட்களுக்கு நடு ராத்திரி மாதிரி. அவர்களை எழுப்பி வரச் சொல்வது நியாயமில்லை. அவர்களுக்கு வேண்டியது லீவு விஷயம் ஒன்றுதான். அதனால் வெள்ளி காலை ஏழே முக்காலுக்கு, ஷிப்ட் முடிவதற்கு முன் நானே நிட்டிங் ஹாலுக்குப் போய்ப் பேசிவிடுகிறேன் என்று வைத்துக்கொண்டேன்.

முடிவு கையில் வந்தாயிற்று, இனி அதைச் சொல்ல வேண்டும். புரொடக்ஷன் மேனேஜரிடம் வெள்ளி மூன்றரை சரியா என்று கேட்க வேண்டியிருந்தது, அவர் ஃபோனை எடுக்கவில்லை. அவர் சரி என்று சொன்னபிறகு எல்லாவற்றையும் ஒரே மெசேஜாகப் போடலாமா, இப்போதே வியாழன் இல்லை என்று மட்டும் சொல்லிவிடலாமா? இரண்டு நாள் அவகாசம் இருந்தால் காத்திருப்பேன், ஒரே மெசேஜ்தான் யாருக்கும் குழப்பமில்லாதது. மறுநாள் காலை மீட்டிங் என்னும்போது காத்திருக்கக் கூடாது. நைட் ஷிப்ட் ஆட்கள் அன்று ராத்திரி ஏழரை மணிக்கே வீட்டில் இருந்து கிளம்பிவிடுவார்கள். காலையில் 10 மணி வரை தங்கவேண்டும் என்று கூடுதலாகச் சாப்பாடு கட்டிக்கொண்டு வருவார்கள். அதனால் அந்த மூன்று பேருக்கும், பல்லடத்து யூனிட் இன்சார்ஜுக்கும் உடனே ஃபோன் செய்தேன். “அண்ணா, நாளைக் காலை மீட்டிங் இல்லைங்க, ஷிப்ட் முடிஞ்சதும் வீட்டுக்குப் போயிருங்க. எப்போன்னு ராத்திரி எட்டு மணிக்குள்ள சொல்றேன்” என்றேன். குரூப் மெசேஜ் ஆறு நாற்பதுக்கு, மேனேஜர் சரி என்ற பிறகு போயிற்று.

அந்த மெசேஜில் காரணம் எவ்வளவு சொல்வது என்பதில்தான் ஒவ்வொரு ஆபீஸும் ஒவ்வொரு மாதிரி. எங்கள் கம்பெனியில் பல வருடம் இருந்த வாசகம் இது:

> தவிர்க்க முடியாத காரணங்களால் 09.10.2025 அன்று நடைபெறவிருந்த மேற்பார்வையாளர்கள் கூட்டம் ஒத்திவைக்கப்படுகிறது. மாற்றுத் தேதி பின்னர் அறிவிக்கப்படும். ஏற்படும் சிரமத்திற்கு வருந்துகிறோம்.

இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் சில வருடங்களுக்கு முன் இதே வாசகம், இதே மாதிரி தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் போனது. காரணம் முதலாளியின் வீட்டில் ஒரு சாதாரண விசேஷம். மெசேஜ் போய் ஒரு மணி நேரத்தில் ஆர்டர் கேன்சல் என்று லைனில் பேச்சு. மத்தியானத்துக்குள் அது போனஸ் இல்லை என்று ஆகிவிட்டது. மூன்றாவது லைனில் இரண்டு ஓவர்லாக் டெய்லர்கள் மறுநாள் வரவில்லை, பக்கத்துக் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குச் சேர்ந்துவிட்டார்கள். இங்கே டெய்லருக்கு அடுத்த வேலை அடுத்த தெருவில் இருக்கிறது. காரணத்தை நாம் சொல்லாமல் விட்டால், அந்த இடத்தில் ஆட்கள் தங்கள் பயத்தை வைத்து நிரப்பிக்கொள்வார்கள். தீபாவளிக்கு முன்னால் அந்தப் பயம் போனஸ்தான்.

இதற்கு நேர் எதிராக முழுக்கதையையும் சொல்லலாம். பையர் தேதியை மாற்றினார், நாங்கள் முடியாது என்றோம், அவர்கள் கேட்கவில்லை, பேக்கிங் பின்தங்கியிருந்ததால் வேறு வழியில்லை என்று நீட்டலாம். படிக்கிறவருக்கு இதில் பாதி தேவையில்லை. அதைவிட முக்கியம், பேக்கிங் பின்தங்கியிருந்தது என்ற ஒரு வரி பேக்கிங் இன்சார்ஜை எல்லோர் முன்னாலும் நிறுத்திவிடுகிறது. காரணம் சொல்கிற வரியில் ஒரு ஆளின் பெயரோ ஒரு பிரிவின் குறையோ வந்துவிட்டதா என்று அனுப்புவதற்கு முன் ஒரு தடவை பார்ப்பேன். ஒருவருடைய உடம்பு, குடும்பம் சம்பந்தப்பட்ட காரணம் என்றால் “சொந்தக் காரணம்” என்பதோடு நிறுத்திக்கொண்டு, அவரிடம் கேட்டுவிட்டுத்தான் அதையும் எழுதுவேன்.

மூன்றாவது வழி ஒரே வாக்கியம். நடந்தது என்ன, அதனால் யார் வரமுடியாது. கூடவே, பயம் எழக்கூடிய இடம் என்று தெரிந்தால் அதற்கு ஒரு சிறு வாக்கியம். நான் இதைத்தான் எடுத்துக்கொண்டேன்.

மன்னிப்பிலும் இதே கேள்வி வருகிறது. “ஏற்படும் சிரமத்திற்கு வருந்துகிறோம்” என்பது ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பின் குரல். யாருக்கு என்ன சிரமம் என்று சொல்பவருக்கே தெரியாத குரல் அது. மெசேஜ் முழுக்க மன்னிப்புக் கேட்டு எழுதுகிறவர்களும் உண்டு, தொடக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் கும்பிடு போட்ட கை மூன்று. அப்படி எழுதும்போது புதிய தேதி எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது, படிப்பவரே நம்மைச் சமாதானப்படுத்த வேண்டிய நிலையும் வந்துவிடுகிறது. எனக்குச் சரியாகப் படுவது ஒரு வரி, ஒரு தடவை, யாருக்கு என்ன இடைஞ்சல் ஆனதோ அதன் பெயரைச் சொல்லி. “வருந்துகிறோம்” என்பதைவிட “மன்னிக்கவும்” நேரடியானது. பையர் தேதியை மாற்றியது என் தப்பு இல்லை, ஆனால் முந்தின நாள் சாயங்காலம்தான் சொல்கிறோமே என்பது எங்கள் பக்கம். அதற்குத்தான் மன்னிப்பு.

கடைசியில் போன மெசேஜ் இது:

> வணக்கம்.
> நாளை 9.10.2025 வியாழன் காலை 10 மணி சூப்பர்வைசர் மீட்டிங் நடக்காது. 10.10.2025 வெள்ளி மாலை 3.30 – 4.10, அதே அறையில் நடக்கும்.
> பையர் இன்ஸ்பெக்ஷன் சனியில் இருந்து நாளைக் காலைக்கு மாறியிருப்பதால் புரொடக்ஷன், குவாலிட்டி, பேக்கிங் ஆட்கள் வர முடியாது. ஆர்டரிலோ போனஸிலோ எந்த மாற்றமும் இல்லை.
> பல்லடம் யூனிட்டுக்கும் நைட் ஷிப்டுக்கும் இவ்வளவு தாமதமாகச் சொல்வதற்கு மன்னிக்கவும்.
> வெள்ளி மத்தியானம் 12 மணிக்குள் உங்கள் லைனில் மதுரை, தேனி பஸ்ஸுக்கு எத்தனை பேர் என்று எனக்கு அனுப்புங்கள். செக்கிங் ரிப்போர்ட்டைக் கையில் கொண்டு வாருங்கள், புதிதாக எதுவும் தயாரிக்க வேண்டாம். ஊசி ரிஜிஸ்டர் விவரம் தனியாக வருகிறது.
> நைட் ஷிப்ட் ஆட்கள் வெள்ளி மீட்டிங்குக்கு வர வேண்டாம். வெள்ளி காலை 7.45-க்கு நானே நிட்டிங் ஹாலுக்கு வருகிறேன்.
> 3.30 யாருக்காவது முடியாது என்றால் இன்று ராத்திரி 9 மணிக்குள் எனக்கு ஃபோன் செய்யுங்கள்.

இதில் சில இடங்களை வேண்டுமென்றே அப்படி எழுதினேன். நாளை என்ற சொல்லுக்குப் பக்கத்தில் தேதியும் கிழமையும் இருக்கின்றன. ராத்திரி போன மெசேஜைக் காலையில் எழுந்து பார்ப்பவருக்கு “நாளை” வெள்ளிக்கிழமையாகிவிடும். மதியம் என்று மட்டும் எழுதினால் பன்னிரண்டில் இருந்து மூன்று வரை ஆளுக்கு ஒரு நேரம் நினைத்துக்கொள்வார்கள். புதிய தேதியை இரண்டாவது வாக்கியத்திலேயே வைத்ததற்குக் காரணம், ஃபோன் மேலே காட்டுகிற இரண்டு மூன்று வரியை மட்டும் படித்துவிட்டு வேலைக்குத் திரும்புகிறவர்கள் லைனில் அதிகம். போனஸ் வாக்கியத்தைப் போட மேனேஜரிடம் தனியாகக் கேட்டேன். உண்மை இல்லாத மாதத்தில் அந்த வரியை எழுத முடியாது, எழுதவும் கூடாது. தயாரித்து வைத்த ரிப்போர்ட்டை என்ன செய்வது என்று சொல்லாமல் விட்டால் பாதிப் பேர் புதிய தேதிக்கு மறுபடி கணக்கு எடுப்பார்கள், அந்த வேலையை மிச்சப்படுத்தியதற்கு செக்கிங் அக்கா மறுநாள் அதைக் குறிப்பிட்டு நன்றி சொன்னார்.

எதில் அனுப்புவது என்பதற்கு நீண்ட யோசனை வேண்டாம். ஆபீஸ் ஆட்கள் ஏழு பேருக்குக் காலண்டரில் அழைப்பு இருக்கிறது, அதை அழித்துவிட்டுப் புதிதாகப் போடாமல் அதே அழைப்பின் நாளையும் நேரத்தையும் மாற்றினேன். அழித்தால் ரத்து என்று ஒரு மெயில், பிறகு புதிய அழைப்பு என்று இன்னொரு மெயில் போகும், முதலாவதை மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள். மற்றவர்களுக்கு வாட்ஸாப் குரூப். மெசேஜை ஏழு நாளுக்குக் குரூப்பின் மேலேயே நிற்கும்படி வைத்தேன், இல்லாவிட்டால் நாலு “சரிங்க”, இரண்டு பிறந்தநாள் கேக்குக்கு அடியில் அது காணாமல் போய்விடும். லைன் சூப்பர்வைசர்களில் இரண்டு பேர் ஒடிசாக்காரர்கள், தமிழ் பேசுவார்கள், படிக்க வராது. அவர்களுக்கு இதையே முக்கால் நிமிட வாய்ஸ் மெசேஜாகவும் போட்டேன். எட்டரை மணிக்கு மெசேஜின் விவரத்தைத் திறந்து யார் பார்க்கவில்லை என்று பார்த்தேன், மூன்று பேர். மூன்று பேருக்கும் ஃபோன். “பார்த்தது” என்று காட்டினால் புரிந்தது என்று அர்த்தமில்லை, ஆனால் பார்க்காதவர் யார் என்பது நிச்சயமாகத் தெரியும்.

நேரத்தைத் தவறாகப் போட்டுவிட்டால் 15 நிமிடத்துக்குள் மெசேஜைத் திருத்தலாம். மீட்டிங் நேரத்தைப் பொறுத்தவரை நான் அப்படித் திருத்துவதில்லை. திருத்தியதற்கு மறுபடி மணி அடிக்காது, முதலில் படித்தவர் பழைய நேரத்துக்கே வந்து நிற்பார். தவறான மெசேஜை எல்லோருக்கும் அழித்துவிட்டு, “முந்தைய மெசேஜில் நேரம் தவறு” என்று தொடங்கிப் புதிதாகப் போடுவதுதான் பாதுகாப்பு.

எல்லா மீட்டிங்கையும் இப்படி நம் வசதிக்கு நகர்த்த முடியாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பெண்களுக்கு எதிரான பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழுவுக்கு 2013-ஆம் ஆண்டுச் சட்டம் 90 நாள் கெடு வைத்திருக்கிறது. அதன் அமர்வைத் தள்ளினால் அந்த நாட்கள் கழிந்துகொண்டே இருக்கும். அதற்கு குரூப்பில் ஒரு வரி கூடப் போகக் கூடாது. சம்பந்தப்பட்டவர்களுக்குத் தனித்தனியாக, எழுத்தில், காரணத்தோடும் புதிய தேதியோடும் தெரிவித்து, பதிவேட்டிலும் எழுதி வைக்கிறோம்.

வெள்ளி மீட்டிங்கையும் தள்ளவேண்டி வந்தால் என்ன செய்வது என்று மேனேஜர் கேட்டார். வியாழன் இன்ஸ்பெக்ஷனில் ஏதாவது சிக்கலாகி மறுபடி பார்க்க வேண்டும் என்றால் அப்படி ஆகியிருக்கலாம். இரண்டாவது தடவை தள்ளக்கூடாது என்றேன். அப்போது லீவு முடிவை வெள்ளி 12 மணிக்கு வரும் லிஸ்ட்டை வைத்து ஃபோனில் எடுத்துவிடுவோம், தையல் பழுது விஷயத்தைச் சம்பந்தப்பட்ட நான்கு பேரோடு மட்டும் லைனிலேயே நின்று பேசுவோம், மற்றவர்களுக்கு மீட்டிங் ரத்து என்றே சொல்லிவிடுவோம் என்று ஒரு சீட்டில் எழுதி அவரிடம் கொடுத்தேன்.

அது தேவைப்படவில்லை. வெள்ளி காலை ஏழே முக்காலுக்கு நிட்டிங் ஹாலில் மெஷின் சத்தத்துக்கு நடுவே நின்று கேட்டபோது மூன்று பேரும் 17 ராத்திரியே கிளம்ப வேண்டும் என்றார்கள். சாயங்காலம் 20 பேர் வந்தார்கள், நாலு பதினைந்துக்கு முடிந்தது. பஸ் கணக்கு அன்று ராத்திரியே போய்விட்டது.